முனைவர் பட்ட விண்ணப்பத்துக்கு ஆய்வு முன்மொழிவு எழுதுவது எப்படி: பாலக்காட்டுச் சித்தூர்த் தமிழில் ‘வெள்ளம்’ என்ற ஒரு சொல்லை வைத்து

முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், நெட் தேர்ச்சிச் சான்று இவற்றோடு இன்னொன்றையும் கேட்பார்கள். இரண்டு மூன்று பக்கத்தில் ஓர் ஆய்வு முன்மொழிவு. சில இடங்களில் இதை ப்ரொபோசல் என்பார்கள், சில இடங்களில் சினாப்சிஸ் என்பார்கள். பேர் எதுவானாலும் அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: எதை ஆராயப் போகிறீர்கள், எப்படி, அதற்கு ஏன் இந்தத் துறை.

முதல் முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தன்வரலாறாக எழுதிவிடுகிறார்கள். சின்ன வயதிலிருந்தே மொழி மீது ஆர்வம், பட்டப் படிப்பில் முதல் வகுப்பு, ஆசிரியராக வேண்டும் என்ற கனவு. இவை தவறான செய்திகள் அல்ல, ஆனால் அவற்றுக்கான இடம் வேறு. முன்மொழிவைப் படிக்கும் பேராசிரியர் ஒரே கேள்வியோடு படிக்கிறார்: இந்த வேலையை இந்த ஆளால் இங்கே மூன்று நான்கு வருடத்தில் முடிக்க முடியுமா? அந்தக் கேள்விக்கு உதவாத வரியெல்லாம் அவர் கண்ணில் வெறும் நிரப்பல்தான்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் புரியாது என்பதால் ஒரே ஓர் உதாரணத்தைக் கடைசி வரை எடுத்துக்கொள்வோம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு மாணவி. வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் மலையாளமும், அரசு அலுவலகத்தில் மலையாளம். முதுகலை முடித்துவிட்டு மொழியியலில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறார். அவர் எழுதிய முதல் தலைப்பு இது:

“கேரள எல்லைத் தமிழில் மலையாளத்தின் தாக்கம்.”

தலைப்பைச் சுருக்குவது

இந்தத் தலைப்பில் ஒன்றும் பிழை இல்லை. பிரச்சினை, இதற்கு முடிவே கிடையாது. கேரள எல்லை என்றால் பாறசாலையிலிருந்து மூணாறு, அட்டப்பாடி வரை போகும். தாக்கம் என்றால் ஒலியா, சொல்லா, வாக்கியமா, பேசும் தொனியா? தமிழ் என்றால் யாருடைய தமிழ்? தோட்டத் தொழிலாளர் தமிழும் சித்தூர் விவசாயிகளின் தமிழும் ஒன்றல்ல. பாலக்காட்டுத் தமிழ் என்ற உடனே பலருக்கு நினைவு வருவது அக்ரஹாரத்து ஐயர்களின் பேச்சு. இந்த மாணவி ஆராய நினைப்பது அதையல்ல; வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கத்து மக்களின் கொங்குச் சாயல் கொண்ட பேச்சை. இதை முதல் பத்தியிலேயே ஒரு வரியில் சொல்லாவிட்டால், படிக்கிறவர் வேறொரு தமிழை மனதில் வைத்துக்கொண்டே கடைசி வரை படிப்பார்.

சுருக்குவது என்றதும் ஊரைச் சின்னதாக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். “கொழிஞ்சாம்பாறைத் தமிழில் மலையாளத் தாக்கம்” என்று மாற்றுவார்கள். பரப்பளவு குறைந்தது, கேள்வி வரவில்லை. தலைப்பு என்பது ஒரு களம். முன்மொழிவுக்கு வேண்டியது அந்தக் களத்துக்குள் நிற்கும் ஒரு கேள்வி. அதற்கு ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு பதிலும் வர வாய்ப்பு இருக்க வேண்டும். “தாக்கம் உள்ளதா?” என்ற கேள்விக்குப் பதில் முன்பே தெரியும், பேருந்து நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் நின்றாலே தெரியும்.

உண்மையான கேள்வி எங்கே கிடைக்கும்? முன்னால் வந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடத்தில். இரண்டு மொழிகள் உரசும்போது என்ன முதலில் கடன் போகும் என்பதைப் பற்றி, 1988இல் தாமசன், காஃப்மன் என்ற இருவர் ஒரு படிவரிசை முன்வைத்தார்கள். உறவு லேசாக இருக்கும்போது சொற்கள் மட்டும் வரும். உறவு நெருங்க நெருங்கத்தான் இலக்கணம் அசையும் என்பது அதன் சாரம். ஆனால் அதற்கு முன்பே, 1971இல், கம்பர்ஸ், வில்சன் ஆகியோர் மகாராஷ்டிரத்தின் குப்வாட் என்ற கிராமத்தைப் பற்றி எழுதியது வேறு மாதிரி. மராத்தி, கன்னடம், உருது பேசுவோர் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழும் ஊர் அது. அங்கே ஒவ்வொரு குழுவும் தன் சொற்களை விடாமல் வைத்துக்கொண்டது. வாக்கிய அமைப்போ மூன்று மொழியிலும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துவிட்டது. சொல் நிற்க, இலக்கணம் நகர்ந்த ஊர்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கேள்வி தானே எழும். சித்தூர்த் தமிழ் எந்த வழியில் போகிறது? சொல் முதலில் மாறுகிறதா, இலக்கணம் முதலில் மாறுகிறதா? இப்போது இரண்டு பதிலும் சாத்தியம். எது வந்தாலும் சொல்வதற்கு ஒரு செய்தி இருக்கும். முன்னோர் ஆய்வுகளைப் பற்றிய பகுதிக்கு இருபது பேரின் பெயரை அடுக்க வேண்டியதில்லை. முட்டிக்கொள்ளும் இருவரைச் சரியாகச் சொன்னால் போதும். படிக்காத நூலின் பெயரைப் போடவே கூடாது. நேர்காணலில் முதலில் பிடிபடுவது அதுதான்.

அடுத்து, கேள்வியை எண்ணக்கூடிய பொருளாக்க வேண்டும். ‘தாக்கம்’ என்பதை எண்ண முடியாது. மூன்று கூறுகளை மட்டும் எடுக்கலாம், ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆழத்தில்.

முதலாவது ஒரு சொல். குடிக்கிற தண்ணீரை ‘தண்ணி’ என்கிறாரா, மலையாளத்தில் போல ‘வெள்ளம்’ என்கிறாரா. இரண்டாவது பேச்சின் நடுவே வரும் ஒட்டுக் கேள்வி. “நாளைக்கு லீவு, இல்லையா?” என்பதா, “நாளைக்கு லீவு, அல்லே?” என்பதா. மூன்றாவது வினைமுற்று. தமிழில் நான் வந்தேன், அவன் வந்தான், அவள் வந்தாள் என்று ஆளுக்கு ஏற்ப முடிவு மாறும். மலையாளத்தில் ஞான், அவன், அவள் யாரானாலும் ‘வந்நு’ ஒன்றுதான். மலையாளத்தில் படித்து வளர்ந்த தமிழ் இளைஞர்களின் பேச்சில் இந்த முடிவு எங்கேயாவது தளர்கிறதா?

சொல், ஒட்டு, வினைமுற்று என்று மேலிருந்து கீழே மூன்று படி. தாமசன், காஃப்மன் சொன்னபடி என்றால் ‘வெள்ளம்’ அதிகம், ‘அல்லே’ குறைவு, வினைமுற்றில் அசைவே இல்லை என்று வர வேண்டும். குப்வாட் வழி என்றால் இந்த வரிசை குலைய வேண்டும். இப்போது தலைப்பு இப்படி ஆகிறது:

“சித்தூர் வட்டத்துத் தமிழ் இளைஞர் பேச்சில் சொல், ஒட்டுக் கேள்வி, வினைமுற்று: மலையாளத் தொடர்பு எந்த வரிசையில் இறங்குகிறது?”

கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதைப் படித்தவுடன் என்ன வேலை நடக்கப் போகிறது என்று தெரிகிறது.

முறை: யாரோடு யாரை ஒப்பிடுவது

முன்மொழிவுகள் அதிகம் விழுவது முறையைச் சொல்லும் பகுதியில்தான். “கள ஆய்வு, நேர்காணல், வினாப்பட்டியல் ஆகிய முறைகள் பின்பற்றப்படும்” என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அது முறை அல்ல, கருவிகளின் பெயர். எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள், எவ்வளவு நேரம், பிறகு எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது, இவற்றைச் சொல்வதுதான் முறை.

மாணவியின் முதல் திட்டம் கொழிஞ்சாம்பாறையில் 30 பேரைப் பேட்டி எடுப்பது. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்த 30 பேரும் ‘அல்லே’ என்று சொன்னால் அது மலையாளத்தால் என்று எப்படிச் சொல்வது? பொள்ளாச்சியில் இருக்கும் கல்லூரி மாணவர்களும் மலையாளப் படம் பார்த்து அப்படிச் சொல்லலாம். அதே மாதிரி, சித்தூர்ப் பேச்சில் காணும் ஒரு கூறு கொங்குத் தமிழில் காலங்காலமாக இருக்கிற கூறாகவும் இருக்கலாம். சென்னைத் தமிழோடு ஒப்பிட்டால் கொங்கு வழக்கு முழுவதும் ‘மலையாளத் தாக்கம்’ ஆகிவிடும். எனவே ஒப்பிட வேண்டிய ஆள், எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதே மாதிரி ஆள்.

இன்னொன்று, மலையாளம் எந்த வாசல் வழியே நுழைகிறது? பள்ளியா, கடைவீதியா? சித்தூர் வட்டத்தில் தமிழ் வழிப் பள்ளிகளும் இருக்கின்றன, மலையாள வழிப் பள்ளிகளும் இருக்கின்றன. இந்த வேறுபாடு ஆய்வாளருக்கு இலவசமாகக் கிடைத்த சோதனைக்கூடம். ஆகவே மூன்று குழு: சித்தூர்ப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த 12 பேர், அங்கேயே மலையாள வழியில் படித்த 12 பேர், பொள்ளாச்சிப் பக்கம் தமிழ் வழியில் படித்த 12 பேர். எல்லோரும் 18 முதல் 30 வயதுக்குள், ஒவ்வொரு குழுவிலும் ஆணும் பெண்ணும் பாதிப்பாதி.

இந்த அமைப்பு ஏன் நல்லது என்பதை முன்மொழிவில் மூன்றே வரியில் எழுதிவிடலாம். சித்தூரின் இரண்டு குழுவும் ஒரே மாதிரி இருந்து, பொள்ளாச்சி மட்டும் வேறுபட்டால், மாற்றம் அன்றாட வாழ்க்கை வழியே வருகிறது. மலையாள வழிக் குழு மட்டும் தனித்து நின்றால், பள்ளிதான் வாசல். மூன்று குழுவும் ஒன்றாகவே இருந்தால், மலையாளம் காரணம் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும். என்ன முடிவு வந்தால் என்ன பொருள் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிக் காட்டுவது பேராசிரியர்களுக்கு மிகவும் பிடிக்கும். காரணம், அதை எழுத முடியாதவர்கள் பெரும்பாலும் தரவு கையில் வந்த பிறகு திணறுகிறார்கள்.

இதிலும் ஒரு பொறி உண்டு. மலையாள வழிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடும் தமிழ் வழிக்கு அனுப்பும் வீடும் ஒரே மாதிரி வீடு என்பது என்ன நிச்சயம்? தாயார் மலையாளியாக இருந்தால், அல்லது அப்பாவுக்குப் பாலக்காடு நகரத்தில் வேலை என்றால், வித்தியாசம் பள்ளியால் வந்ததாகத் தெரியும். உண்மையில் வந்தது வீட்டிலிருந்து. இதற்கு முழு மருந்து கிடையாது. ஆனால் ‘பெற்றோர் இருவரும் வீட்டில் தமிழே பேசுவோர்’ என்ற நிபந்தனை போட்டு ஆட்களைத் தேர்வு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். பெற்றோர் தொழிலையும் குறித்து வைத்துக்கொண்டால் மீதியைப் பிறகு பார்க்கலாம். ஆங்கில வழியில் படித்தவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். இல்லையென்றால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியே அதுவாகத்தான் இருக்கும், ஏனென்றால் இன்று எல்லையின் இரண்டு பக்கமும் ஆங்கில வழி பெருகிவிட்டது.

இந்த அமைப்பால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு, அதையும் ஒளிக்கக் கூடாது. எல்லோரும் இளைஞர்கள் என்பதால் “பேச்சு காலப்போக்கில் மாறிவருகிறது” என்று இந்த ஆய்வு சொல்ல முடியாது. அதற்கு முதியவர்களும் வேண்டும். ஆசைக்காக அறுபது வயதுக்காரர்கள் ஆறு பேரைக் கூடவே சேர்ப்பதைவிட, இந்த வரம்பை ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்வது மேல். சித்தூர் 1949 வரை கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்த துண்டு நிலம், சுற்றியிருந்தது மதராஸ் மாகாணம், 1956 நவம்பர் 1 அன்று எல்லாம் கேரளம் ஆனது என்ற வரலாறு சுவையானது. ஆனால் முன்மொழிவில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை.

எண்ணுவது

பேச்சைப் பதிவு செய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி எதை எண்ணுவது? இங்கேதான் துறை தெரிந்தவர் யார், ஆர்வம் மட்டும் உள்ளவர் யார் என்பது தெரிந்துவிடும்.

‘வெள்ளம்’ என்ற சொல்லையே பாருங்கள். தமிழில் அதற்கு வெள்ளப்பெருக்கு என்ற பொருள் எப்போதும் உண்டு. பேட்டியில் யாராவது 2018 ஆகஸ்ட் மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘வெள்ளம்’ பத்து முறை வரும். அத்தனையும் நல்ல தமிழ், மலையாளம் அல்ல. கணினியில் சொல்லைத் தேடி எண்ணிக்கையை அப்படியே எடுத்தால், பேசத் தெரிந்த ஒரு பையன் ஒருவனே முடிவைக் கவிழ்த்துவிடுவான். எனவே முறைப் பகுதியில் ஒரு வாக்கியம்: குடிநீர், கிணற்று நீர், பாசன நீர் என்ற பொருளில் வரும் இடங்கள் மட்டும் எண்ணப்படும், பெருக்கு என்ற பொருளில் வருபவை விலக்கப்படும். அப்படியானால் தண்ணீரைப் பற்றிப் பேச வைக்க வேண்டுமே? சித்தூரில் அது கஷ்டமே இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும், வந்ததா இல்லையா என்று கேட்டால் போதும், விவசாய வீட்டுப் பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள்.

வினைமுற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேச்சுத் தமிழில் எல்லா வினையும் ஆளைக் காட்டாது. “அவன் வரலை, நான் வரலை, அவங்க வரலை”. எதிர்மறையில் தமிழுக்கே ஒரே வடிவம்தான். “எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும்” என்பதும் அப்படியே. “மாடு வந்துச்சு, மாடுங்க வந்துச்சு” என்று அஃறிணையில் ஒருமை பன்மையும் பேச்சில் கலந்துவிடும். இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினால் பொள்ளாச்சிக்காரர்கூட வினைமுடிவைத் தொலைத்துவிட்டதாகக் கணக்கு வரும். ஆகவே எண்ணத் தகுந்த இடம் எது என்று முன்பே வரையறுக்க வேண்டும்: உயர்திணை எழுவாய், உடன்பாட்டு வினை, இறந்த காலம் அல்லது நிகழ்காலம். இந்த இடங்களில் முடிவு மாறும் வாய்ப்பு இருந்தும் மாறாமல் நின்றது எத்தனை முறை என்பதே கணக்கு. இந்த ஒரு பத்தியை மட்டும் சரியாக எழுதியிருந்தால், மற்றப் பக்கங்களில் சில குறை இருந்தாலும் உங்களை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு.

அடுத்தது ஒலிவாங்கி. அதை முன்னால் வைத்தவுடன் மக்கள் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். தமிழ் ஆராய்ச்சிக்கு வந்த பெண் என்று தெரிந்தால் மலையாளச் சொல்லை விழுங்கியே பேசுவார்கள். கவனிக்காதபோது எப்படிப் பேசுகிறார்கள் என்பதை, கவனித்துத்தானே தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. லபோவ் என்ற மொழியியலாளர் இதை ஆய்வாளரின் முரண் என்றார். தீர்வு எளிமையானது, முழுமையானதல்ல. தனியாகப் பேட்டி எடுக்காமல் இரண்டு நண்பர்களைச் சேர்த்து உட்கார வைப்பது. ஒவ்வொருவருக்கும் சுமார் 50 நிமிடப் பேச்சு கிடைக்கும்வரை பதிவு செய்து, தயக்கம் தீராத முதல் 10 நிமிடத்தை எண்ணாமல் விடுவது. இருவருக்கும் தனித்தனி ஒலிவாங்கி சட்டையில் குத்தியிருக்க வேண்டும். மேசை நடுவே ஒரு கைபேசியை வைத்தால் இருவர் குரலும் கலந்து, “வந்தா” என்றாரா “வந்தான்” என்றாரா என்று கடைசி மெய்யைப் பிரிக்க முடியாமல் போகும். இந்த ஆய்வே அந்தக் கடைசி எழுத்தில்தான் நிற்கிறது. அதிலும் பேச்சில் ‘வந்தான்’ என்பதன் னகரம் மூக்கொலியாகத் தேய்ந்து ‘வந்தா’ போலக் கேட்கும், ‘வந்தாள்’ என்பதன் ளகரமும் விழுந்து ‘வந்தா’ ஆகும். அது மலையாளம் அல்ல, பேச்சுத் தமிழின் இயல்பு. இதைத் தனிக் குறியீடாகப் போட்டு வைக்க வேண்டும்.

காலக்கணக்கு

“முதலாண்டு தரவு சேகரிப்பு, இரண்டாமாண்டு பகுப்பாய்வு, மூன்றாமாண்டு எழுதுதல்” என்பது எல்லா முன்மொழிவிலும் இருக்கும். அதற்குப் பதில் ஒரு பெருக்கல் கணக்கைக் காட்டுங்கள். 36 பேர், ஆளுக்கு 40 நிமிடம் எண்ணத் தக்க பேச்சு; மொத்தம் 24 மணி நேரம். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்க எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் 192 மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் காது ஒத்துழைக்காது. ஆக 64 வேலை நாள், லீவு நாளும் சேர்த்தால் மூன்று மாதம். ELAN போன்ற இலவச மென்பொருளில் ஒலியோடு எழுத்தைச் சேர்த்தே வைத்தால், பின்னால் சந்தேகம் வரும் இடத்துக்கு நேரே போகலாம்.

எட்டு மணி நேரம் என்பது உங்கள் கைக்குச் சரியா என்று விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடலாம். தெரிந்த இருவரைக் கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு பத்து நிமிடம் பதிவு செய்து எழுதிப் பாருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எண்ணத் தக்க வினைமுற்று எத்தனை, ‘தண்ணி’ எத்தனை, ‘வெள்ளம்’ எத்தனை என்று முன்மொழிவில் ஒரு வரி போட்டால், கற்பனைத் திட்டம் உண்மைத் திட்டம் ஆகிறது. ஒட்டுக் கேள்வி பத்து நிமிடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை என்றால் அதுவும் நல்ல செய்திதான்; அந்தக் கூறை இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

யுஜிசியின் 2022 விதிமுறைப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பாடப்பகுதிக்குக் குறைந்தது 12 கிரெடிட். எனவே முதல் ஆண்டின் பெரும்பகுதி வகுப்பறையிலும் நெறிமுறைக் குழு அனுமதியிலும் போகும் என்று கணக்கிட்டே திட்டம் போட வேண்டும். மனிதர்களின் குரலைப் பதிவு செய்யும் ஆய்வுக்கு எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்தப் படிவம் கொழிஞ்சாம்பாறைக்காரர் படிக்கத்தக்க மொழியில் இருக்க வேண்டும். மலையாள வழியில் படித்த பலருக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராது. ஆக இரண்டு மொழியிலும் படிவம். மறந்துபோகிற சின்ன விஷயம், களத்தில் போய் நிற்கும்போதுதான் தெரியும்.

ஏன் இந்தத் துறை

கடைசிப் பத்தியை எல்லோரும் இப்படி எழுதுகிறார்கள்: “தங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆசிரியர்களும் வளமான நூலகமும் என் ஆய்வுக்குப் பெரிதும் துணைபுரியும்.” இதற்கு ஒரு சோதனை உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரை எடுத்துவிட்டு வேறொன்றின் பெயரைப் போடுங்கள். பத்தி அப்படியே பொருந்தினால் அந்தப் பத்தியில் ஒன்றும் இல்லை.

இந்த மாணவிக்குத் துறையிடம் என்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டுப் பார்க்கலாம். மலையாளமும் தமிழும் இரண்டும் தெரிந்த நெறியாளர் வேண்டும். ஒரு மொழி மட்டும் தெரிந்தவர் ‘அல்லே’ எண்ணிக்கையைச் சரிபார்க்க முடியாது. கிளைமொழி ஆய்வுப் பழக்கம் உள்ள துறை வேண்டும். களத்துக்கு அடிக்கடி போய்வரும் தூரமாக இருந்தால் நல்லது.

கேரளப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறையை எடுத்துக்கொண்டால், மொழியியல் பேராசிரியர் வ.ஐ. சுப்பிரமணியம் காலத்திலிருந்து மலையாளக் கிளைமொழிகளை ஊர் ஊராகப் போய்த் தொகுத்த மரபு அங்கே உண்டு. ஆகவே அந்தப் பத்தியில், “இத்துறை தொகுத்த மலையாளக் கிளைமொழி ஆய்வுகளில் பாலக்காட்டுப் பகுதிக்குக் கொடுக்கப்பட்ட வடிவங்களை, சித்தூர்த் தமிழுக்கு எந்த மலையாளம் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டப் பயன்படுத்துவேன்” என்று எழுதலாம். இந்த வாக்கியம் வேறெங்கும் ஒட்டாது. எழுதும் முன் அந்த ஆய்வில் என்ன இருக்கிறது என்று நூலகத்தில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் என்றால் பத்தி வேறு: களம் பக்கம், பொள்ளாச்சிக் குழுவும் பக்கம், கொங்கு வழக்கு வீட்டு வாசலில், ஆனால் மலையாளத்துக்கு இணை நெறியாளர் தேவைப்படலாம் என்பதை நீங்களே சொல்லிவிட வேண்டும்.

இதே கேள்வியை ஆந்திர எல்லையில், நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழருக்குத் தெலுங்கோடு வைத்துக் கேட்பவர் குப்பத்திலுள்ள திராவிடப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். 1997இல் திராவிட மொழிகளுக்கென்றே தொடங்கியது, மூன்று மாநில எல்லை சேரும் இடத்தில் இருப்பது. ஆனால் அவர் வினைமுற்றை எடுக்க முடியாது: தெலுங்கும் தமிழைப் போல வினையில் ஆளைக் காட்டும் மொழி. வேறு கூறு தேட வேண்டும். துறை மாறும்போது பெயர் மட்டும் மாறுவதில்லை, கேள்வியும் கொஞ்சம் நகர்கிறது.

நெறியாளரைக் குறிப்பிடும் முன் இரண்டு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். யுஜிசி விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு பேருக்கும் இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும் உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. துறையிலேயே பெரிய ஆளின் பெயரை எழுதிவிட்டு, அவருக்கு இடமே இல்லை என்று பிறகு தெரிந்தவர்கள் நிறைய. காலியிடப் பட்டியல் அறிவிப்போடு வரும், இல்லையென்றால் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தால் தெரியும். பேராசிரியருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்புவதாக இருந்தால் முழு முன்மொழிவையும் இணைக்காமல், கேள்வியும் மூன்று குழு அமைப்பும் கொண்ட அரைப் பக்கம் அனுப்பினால் படிப்பார்.

நுழைவுத் தேர்வு வைக்கும் இடங்களில் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம் என்பது விதி. அந்த 30க்குள் உட்காரும்போது முன்னால் இருக்கும் தாள் உங்கள் முன்மொழிவுதான். இந்த மாணவியிடம் அனேகமாக இப்படிக் கேட்பார்கள்: “தமிழும் மலையாளமும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ‘வெள்ளம்’ மலையாளத்திலிருந்து வந்த கடன் என்கிறீர்களே, சித்தூரில் அது பழைய தமிழ்ப் பொருளே விரிந்து வந்ததாக ஏன் இருக்கக் கூடாது?” கையில் இருக்கிற ஒரே பதில் பொள்ளாச்சிக் குழு. பன்னிரண்டு கிலோமீட்டரோ இருபதோ தள்ளி, அதே வயதில், அதே தொழில் வீட்டில் ஒருவர் கூடக் குடிநீரை ‘வெள்ளம்’ என்று சொல்லவில்லை என்றால், அந்தப் பொருள் எல்லைக் கோட்டிலேயே நின்றுவிட்டது என்று சொல்லலாம். அவர்களும் சொன்னால், கேட்ட பேராசிரியர் சொன்னதுதான் சரி.